நாயின் முதுகில் உறங்கும் பூனை

ஒரு வீட்டில் 20 கிலோ நாய் ஒன்றும் 4 கிலோ பூனை ஒன்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் குட்டியிலிருந்தே சேர்ந்து வளர்ந்தவை. நாய் சுருண்டு படுத்தால் பூனை அதன் முதுகோடு ஒட்டிக்கொண்டு தூங்கும். விழித்துக்கொண்டால் நாயின் கழுத்தையும் காதையும் நக்கிக் கொடுக்கும். நாய்க்குத் தெள்ளுப்பூச்சித் தொல்லை வருகிறது. வீட்டுக்காரர் நாய்க்கென்றே விற்கும் சொட்டு மருந்தை வாங்கி வருகிறார். மாலை 7 மணிக்கு, அட்டையில் போட்டிருக்கிறபடியே, தோள்களுக்கு நடுவில் தொடங்கி வால் அடிவரை நான்கு இடங்களில் முடியை விலக்கித் தோலின்மேல் விடுகிறார். பூனைக்கு ஒரு சொட்டுகூட விடவில்லை. இரவு 1 மணிக்குப் பூனையின் காது துடிக்கத் தொடங்குகிறது. விடியும்போது அதன் உடம்பு முழுவதும் நடுங்குகிறது.

இது எந்தத் தனி வீட்டின் கதையும் அல்ல. பல நாடுகளின் கால்நடை மருத்துவர்கள் ஆண்டுக்கணக்காகக் குறித்துவைத்த நிகழ்வுகளின் பொதுவான வடிவம் இது. ஆனால் இந்த ஒரு இரவை நிதானமாகப் பின்தொடர்ந்தால், நாய்க்குச் சாதாரணமாக இருக்கும் ஒரு மருந்து பூனையை ஏன் சாகடிக்கிறது என்பது முழுவதும் விளங்கிவிடும். ஆகவே இந்த அத்தியாயம் நெடுக அந்தப் பூனையோடுதான் நடக்கப்போகிறோம்.

முதலில் அந்தச் சொட்டு. அதில் இருந்த பொருளின் பெயர் பெர்மெத்ரின். சாமந்தியின் உறவான, வெள்ளை இதழும் மஞ்சள் நடுவும் கொண்ட ஒரு பூவை உலர்த்திப் பொடித்தால் பூச்சிகள் சாகும் என்பது பழங்காலத்திலிருந்தே தெரிந்த செய்தி. அந்தப் பூவில் இருக்கும் பைரித்ரின் வெயில் பட்டால் சீக்கிரம் சிதைந்துவிடும். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் மைக்கேல் எலியட்டும் அவருடைய குழுவும் அதே அமைப்பை ஒட்டி, வெளிச்சத்தைத் தாங்கும் ஒரு செயற்கைப் பொருளை உருவாக்கி 1973இல் அறிவித்தார்கள். அதுதான் பெர்மெத்ரின். கொசுவலையில் தோய்க்கவும், பயிருக்குத் தெளிக்கவும், மனிதர்களின் சொறிக்குக் களிம்பாகப் பூசவும் அது பயன்படுகிறது. தமிழ்நாட்டில் தோல் மருத்துவர் சிரங்குக்கு எழுதித் தரும் களிம்பில் பெரும்பாலும் இருப்பது 5 சதவீதப் பெர்மெத்ரின்தான்.

நாய்க்கான சொட்டு மருந்தில் இதே பொருள் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும்போதுதான் திடுக்கிடுகிறது. 45 முதல் 65 சதவீதம் வரை இருக்கும். பரவலாக விற்கும் ஒரு வகையில் ஒரு மில்லிலிட்டருக்கு 500 மில்லிகிராம். 10 முதல் 25 கிலோ வரையுள்ள நாய்க்கு 2.5 மில்லிலிட்டர் குழாய். அதற்குள் 1,250 மில்லிகிராம். நம் 20 கிலோ நாய்க்கு அது கிலோவுக்குச் சுமார் 62 மில்லிகிராம். நாய் அதை உணர்வதுகூட இல்லை. இதே குழாயிலிருந்து ஒரே ஒரு மில்லிலிட்டர் 4 கிலோ பூனையின்மேல் விழுந்தால் கிலோவுக்கு 125 மில்லிகிராம் ஆகிவிடுகிறது. கிலோவுக்கு 100 மில்லிகிராம் அளவிலேயே பூனையின் உயிருக்கு ஆபத்து என்று நச்சியல் நூல்கள் எச்சரிக்கின்றன. விரல் நுனி அளவுக் குழாய், பார்ப்பதற்குக் கண் மருந்துபோல இருக்கிறது. அதன் சிறிய உருவமே மனிதர்களை ஏமாற்றுகிறது என்பது என் எண்ணம். அரை வாளி மருந்துக் கரைசலைப் பார்த்தால் பயப்படுகிற கை, இதைப் பார்த்துப் பயப்படுவதில்லை.

சொட்டு தோலில் விழுந்ததும் ரத்தத்தில் கலந்து ஓடிவிடுவதில்லை. பெர்மெத்ரின் எண்ணெயை விரும்பும் பொருள். தோலின் மேலிருக்கும் எண்ணெய்ப் பசையோடு கலந்து முதுகிலிருந்து பக்கவாட்டுக்கும் வயிற்றுக்குமாக மெல்லப் பரவி, எண்ணெய்ச் சுரப்பிகளில் தங்கிவிடுகிறது. ஒரு முறை விட்டால் மூன்று நான்கு வாரம் தாங்குவது இதனால்தான். ஆனால் முதல் சில மணி நேரம் அது முடியின் மேலேயே ஈரமாக நிற்கிறது. நம் பூனை வந்து படுத்தது அந்த ஈரத்தின்மேல். அதன் வயிற்று முடியிலும் கன்னத்திலும் பாதங்களிலும் மருந்து ஒட்டியது. பிறகு, எந்தப் பூனையும் செய்வதுபோல, தன் உடம்பை நக்கிச் சுத்தம் செய்தது. நாயின் கழுத்தையும் நக்கியது. ஆக, தோல் வழியாகக் கொஞ்சம், வாய் வழியாகக் கொஞ்சம்.

இப்போது நரம்புக்குள் போகலாம். நரம்பின் சுவரில் சோடியம் நுழைவதற்கான நுண்ணிய வாசல்கள் இருக்கின்றன. செய்தி வரும்போது வாசல் திறக்கும். ஆயிரத்தில் ஒரு நொடி அளவில் மூடிவிடும். அந்தத் திறப்பும் மூடலும்தான் நரம்புத் துடிப்பு. பெர்மெத்ரின் அந்த வாசலில் கல்லை வைத்ததுபோல உட்கார்ந்து மூடவிடாமல் செய்கிறது. வாசல் மூடத் தாமதிக்கிற ஒவ்வொரு கணமும் நரம்பு மறுபடி மறுபடி துடிக்கிறது. ஒரு முறை அசையச் சொன்னால் தசை பத்து முறை அசைகிறது. தெள்ளுப்பூச்சி துடிதுடித்து விழுவதும், பூனையின் காது துடிப்பதும் ஒரே காரணத்தால்தான்.

அப்படியானால் நாய்க்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? அதன் நரம்பிலும் இதே வாசல்கள் உண்டே? விடையின் ஒரு பாதி பூச்சிக்கும் பாலூட்டிக்கும் உள்ள வேறுபாடு. பூச்சியின் வாசல்கள் இந்தப் பொருளிடம் எளிதில் சிக்குகின்றன. அதோடு, உடம்பு குளிர்ந்திருந்தால் பெர்மெத்ரினின் பிடி இறுகுகிறது; சூடான உடம்பில் தளர்கிறது. பூச்சிக்குத் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. இந்தக் குளிர்–சூடு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பூனையைக் குளிப்பாட்டும்போது அது மறுபடி வரும்.

மறுபாதி ஈரலில் இருக்கிறது. நாயின் ஈரலும் நம் ஈரலும் பெர்மெத்ரினை இரண்டாக வெட்டி, வந்த துண்டுகளோடு குளுக்கூரானிக் அமிலம் என்ற சர்க்கரை வழிப்பொருளைக் கட்டி, நீரில் கரையச் செய்து சிறுநீரில் அனுப்பிவிடுகின்றன. இப்படிக் கட்டுவதற்கு ஒரு நொதிக் குடும்பம் வேண்டும். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் கோர்ட், டேவிட் கிரீன்பிளாட் இருவரும் பூனையின் மரபணுவில் இந்த நொதிகளில் முக்கியமான ஒன்றுக்கான குறிப்பே பழுதாகிக் கிடப்பதைக் காட்டினார்கள். எழுத்துகள் இருக்கின்றன, ஆனால் நடுவில் பிழைகள் விழுந்து, படிக்க முடியாத பக்கமாகிவிட்டது. அவர்கள் தேடியது பாராசிட்டமால் ஏன் பூனையைக் கொல்கிறது என்பதற்கான விடையை. அதே குறைதான் பெர்மெத்ரின் பூனையின் உடம்பில் நெடுநேரம் தங்குவதற்கும் முக்கியக் காரணம் என்று கருதப்படுகிறது.

பின்னால் வந்த ஆய்வுகள் சிங்கம், புலி, சிறுத்தை என்று பூனைக் குடும்பம் முழுவதிலும் இதே பழுது இருப்பதைக் கண்டன. இலை தழை தின்னும் விலங்குக்கு நாள்தோறும் செடியின் நச்சுகளை முறிக்க வேண்டியிருக்கிறது. அந்த நொதி கெட்டுப்போனால் அது பிழைக்காது. இறைச்சி மட்டுமே தின்று வாழ்ந்த பூனையின் மூதாதைக்கு அந்த நொதி கெட்டாலும் ஒன்றும் தெரியவில்லை. தெரியாமலே கோடிக்கணக்கான ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்தப் பழைய இழப்புக்குத்தான் இன்று நம் பூனை விலை கொடுக்கிறது. பூனை சிறிய நாய் அல்ல என்று கால்நடை மருத்துவர்கள் மாணவர்களிடம் சொல்வது எடையைப் பற்றி மட்டுமல்ல, இந்த ஈரலைப் பற்றியும்தான்.

எத்தனை பூனைகள் இப்படிச் சாகின்றன? லண்டனில் இயங்கும் கால்நடை நச்சுத் தகவல் சேவைக்கு வந்த 286 பெர்மெத்ரின் நிகழ்வுகளைத் தொகுத்து 2007இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. ஏறத்தாழ எல்லாப் பூனைகளுக்கும் அறிகுறிகள் இருந்தன. பத்தில் ஒன்று இறந்தது. 2010இல் ஆஸ்திரேலிய மருத்துவர்களிடம் எடுத்த கணக்கில், இரண்டே ஆண்டுகளில் 750 பூனைகள் பாதிக்கப்பட்டதும் அவற்றில் 166 இறந்ததும் தெரிந்தது. இவற்றில் பெரும்பாலானவை நாய் மருந்தை நேராகப் பூனையின் கழுத்திலேயே விட்டவை. “நாய்க்குப் பாதி, பூனைக்குப் பாதி” என்று பிரித்துவிட்டவர்கள், சின்ன நாய்க்கான குழாயாக இருந்தால் பூனைக்குச் சரியாக இருக்கும் என்று நினைத்தவர்கள். இவர்கள் யாருக்கும் தங்கள் பூனைமேல் அன்பு குறைவில்லை. நாயின் முதுகிலிருந்து பூனைக்கு ஒட்டிக்கொள்வது அதைவிடக் குறைவாகவே நடக்கிறது. ஆனால் அதை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அட்டையைச் சரியாகப் படித்து, பூனைக்கு விடாமல் இருந்தவரின் வீட்டிலும் இது நடக்கும்.

இரவு 1 மணிக்குத் திரும்புவோம். அறிகுறிகள் சில நிமிடங்களிலும் தொடங்கலாம், மூன்று நாள் கழித்தும் தொடங்கலாம். பெரும்பாலும் முதல் சில மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். முதலில் காது துடிக்கும். முகத் தசை சுண்டும். ஈரத்தில் கால் வைத்ததுபோலப் பாதத்தை உதறும். தொட்டால் திடுக்கிட்டுத் துள்ளும். இந்தக் கட்டத்தில் பலரும் காதில் ஏதோ பூச்சி என்று நினைத்துவிடுகிறார்கள். அடுத்து எச்சில் ஒழுகும், கண்மணி விரியும், நடை தள்ளாடும். பிறகு உடம்பு முழுவதும் ஓயாத நடுக்கம். அதிலிருந்து வலிப்பு. ஓயாமல் நடுங்கும் தசை வெப்பத்தை உண்டாக்குவதால் உடம்புச் சூடு 105 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டலாம்; அந்தச் சூடே மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு செய்யும்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல் உண்டு. எச்சில் ஒழுக, நடுங்கி, தொட்டால் துள்ளும் பூனையைப் பார்த்ததும் முதலில் வெறிநோய் என்ற பயம் வருகிறது. அந்தப் பயம் நியாயமானது, கடித்தாலோ பிறாண்டினாலோ அலட்சியம் கூடாது. பூனையைத் தடித்த துண்டில் சுற்றித்தான் தூக்க வேண்டும். ஆனால் அந்தப் பயத்திலேயே பூனையை அறையில் பூட்டிவிட்டால் பிழைக்க வேண்டிய உயிர் போய்விடும். பயிருக்கு அடிக்கும் பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்தின் விஷத்திலும் எச்சிலும் நடுக்கமும் வரும். அதில் கண்மணி பெரும்பாலும் சுருங்கும், வயிறு கழியும். அதற்குக் கொடுக்கும் அட்ரோபின் பெர்மெத்ரினுக்கு மாற்று மருந்தல்ல. மருத்துவர் இவற்றைப் பிரித்தறிய மிக உதவுவது ரத்தப் பரிசோதனை அல்ல. “நேற்று மாலை நாய்க்கு இந்த மருந்து விட்டோம்” என்ற ஒரு வாக்கியமும், கையில் கொண்டுபோன காலி அட்டையும்தான். பூனையைப் பற்றி மட்டுமே பேசிவிட்டு நாயைப் பற்றிச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். நாய்க்குச் செய்ததும் பூனையின் நோய்க்குறிப்பில் சேர வேண்டியதுதான்.

காது துடிப்பும் பாத உதறலும் மட்டும் இருந்து, பூனை தெளிவாக நின்றுகொண்டிருந்தால், மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துவிட்டு வீட்டிலேயே உடனே கழுவலாம். எண்ணெய்ப் பசை வெறும் தண்ணீரில் போகாது. பாத்திரம் துலக்கும் திரவத்தைக் கொஞ்சம் நீர்த்து, முடியின் அடிவரை தேய்த்து, இரண்டு மூன்று முறை அலச வேண்டும். பூச்சி ஒழிக்கும் ஷாம்பூவை எடுக்கக் கூடாது. அதிலேயே இந்தக் குடும்ப மருந்து இருக்கலாம். தண்ணீர் வெதுவெதுப்பாக, உடம்புச் சூட்டை ஒட்டி இருக்க வேண்டும். சூடான நீரில் தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்து மருந்து இன்னும் உள்ளே போகும். பச்சைத் தண்ணீரில் உடம்பு குளிர்ந்தால், முன்பு சொன்னபடி, நரம்பின் வாசலில் பெர்மெத்ரினின் பிடி இறுகும். கழுவியதும் நன்றாகத் துவட்டி, துணியில் சுற்றி, மீண்டும் நக்காதபடி பார்த்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். உடம்பு முழுவதும் நடுங்கினாலோ வலிப்பு வந்தாலோ கழுவிக்கொண்டிருக்க நேரமில்லை, நேராக மருத்துவரிடம். அங்கே நடுக்கத்தை அடக்கிய பிறகு கழுவுவார்கள். வாந்தி எடுக்க வைப்பதோ, நடுங்கும் பூனையின் வாயில் பாலோ எண்ணெயோ ஊற்றுவதோ கூடாது. அது மூச்சுக்குழாயில் இறங்கி வேறொரு ஆபத்தைக் கொண்டுவரும்.

பெர்மெத்ரினுக்கு முறிவு மருந்து கிடையாது. உடம்பு அதை மெல்ல மெல்ல வெளியேற்றும்வரை பூனையைத் தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. நடுக்கத்தை அடக்க மருத்துவர்கள் முதலில் நாடுவது மெத்தோகார்பமால் என்ற தசைத் தளர்த்தி. மனிதர்களுக்கு முதுகுப் பிடிப்புக்குக் கொடுக்கும் அதே மருந்து. சிரை வழியாக மெதுவாக, தசை தளரும்வரை ஏற்றிவிட்டு நிறுத்துவார்கள். நடுக்கம் திரும்பினால் மறுபடி. ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 330 மில்லிகிராம் என்பது மேல் எல்லை. நம் பூனைக்கு அது சுமார் 1,300 மில்லிகிராம். ஊசி கிடைக்காத இடங்களில் மாத்திரையைப் பொடித்து நீரில் கரைத்து ஆசனவாய் வழியாகச் செலுத்தியும் பலன் கண்டிருக்கிறார்கள். வலிப்புக்கு வழக்கமாகக் கொடுக்கும் டயஸிபாம் இந்த நடுக்கத்துக்குத் தனியாகப் போதுவதில்லை. வலிப்பு விடாவிட்டால் புரொபோஃபால் போன்ற மயக்க மருந்துவரை போக வேண்டியிருக்கும். அண்மைக் காலமாக, உணவு செல்லாத நோயாளிகளுக்குச் சிரையில் ஏற்றும் கொழுப்புப் பால்மத்தையும் தருகிறார்கள். எண்ணெயை விரும்பும் பெர்மெத்ரின் ரத்தத்தில் மிதக்கும் அந்தக் கொழுப்பிடம் இழுபட்டு நரம்பை விட்டு விலகும் என்பது அதன் எண்ணம். ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு ஒப்பீட்டு ஆய்வில் அதைப் பெற்ற பூனைகள் விரைவாகத் தேறின.

மருத்துவமனைக்குக் காலை 6 மணிக்குச் சென்ற நம் பூனைக்கு நடுக்கம் அடங்க ஒரு நாள் ஆகலாம், மூன்று நாளும் ஆகலாம். சூடேறி வந்த பூனை, கழுவிய பிறகும் தசை தளர்ந்த பிறகும் திடீரென்று குளிர்ந்துபோகும். அதனால் மணிக்கணக்கில் வெப்பமானியோடு யாராவது அருகில் இருக்க வேண்டும். சில பூனைகளுக்குச் சில நாள் கண் தெரியாமலிருந்து பிறகு திரும்பும். நேரத்தில் கொண்டுவந்த பூனைகளில் பெரும்பாலானவை குறையொன்றுமில்லாமல் வீடு திரும்புகின்றன. இந்த விஷத்தில் எனக்கு ஆறுதலாக இருப்பது இது ஒன்றுதான்.

வீடு திரும்பும்போது நாயின் முதுகில் அதே மருந்து இன்னும் இருக்கிறதே? இந்த மருந்துகளில் சிலவற்றின் அட்டையில், பூனை இருக்கும் வீட்டில் மருந்து விட்ட நாயை 72 மணி நேரம் தனியே வைக்கச் சொல்லியிருக்கும். மருந்து தோலில் பரவி முடி உலரும்வரையுள்ள ஆபத்தான காலம் அது. தனியே என்றால் வேறு அறை, வேறு படுக்கை. நாய் படுத்த சாக்கையும் போர்வையையும் பூனையிடமிருந்து விலக்கித் துவைக்க வேண்டும். ஒரே கூடத்தில் குடும்பமே படுத்துறங்கும் நம் வீடுகளில் மூன்று நாள் பிரித்து வைப்பது எழுதுவதுபோல எளிதல்ல. நாயை விட்டுப் பிரியாத பூனை இருக்கும் வீட்டில் பெர்மெத்ரினை வாங்காமலே இருப்பதுதான் சரி என்று நான் நினைக்கிறேன்.

பெர்மெத்ரின் நாய்க்கு மோசமான மருந்தல்ல. தெள்ளு மட்டுமல்லாமல் உண்ணி, கொசு, மணல் ஈ இவற்றையும் கடிக்கும் முன்பே விரட்டுகிறது. மணல் ஈ லீஷ்மேனியா நோயைப் பரப்பும் மத்தியதரைக்கடல் நாடுகளில் நாய்க்கு அது பெரிய காப்பு. பூனை இல்லாத வீட்டில் அதைப் பயன்படுத்துவதில் தவறில்லை. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்த நாய்க்கு எது நல்லது என்பதல்ல, இந்த வீட்டுக்கு எது நல்லது.

பூனையும் நாயும் சேர்ந்து வாழும் வீட்டுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது நாய்க்கு வாயில் கொடுக்கும் மென்மாத்திரை. ஃப்ளூரலனர், அஃபாக்ஸோலனர், சாரோலனர் என்ற பெயர்களில் வருபவை. மருந்து நாயின் ரத்தத்தில் இருக்கும். தெள்ளோ உண்ணியோ கடித்தால் சாகும். முதுகில் ஒன்றும் இல்லாததால் பூனை நக்கினாலும் கவலையில்லை. முதல் மருந்து ஏறத்தாழ மூன்று மாதமும் மற்ற இரண்டும் ஒரு மாதமும் தாங்கும். இதற்கும் எல்லை உண்டு. வலிப்பு வந்த வரலாறு உள்ள நாய்க்கு இந்த வகையைக் கொடுக்கும் முன் மருத்துவரிடம் பேச வேண்டும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. பூச்சி கடித்த பிறகுதான் சாகும் என்பதால் விரட்டும் குணமும் இதில் இல்லை.

சொட்டு மருந்துதான் வேண்டுமென்றால் ஃபிப்ரோனில், இமிடாக்ளோபிரிட், செலாமெக்டின் ஆகியவை பூனைகளுக்கும் அனுமதிக்கப்பட்டவை. நாய்க்கு நாயின் குழாய், பூனைக்குப் பூனையின் குழாய் என்று எடைபார்த்துத் தனித்தனியே வாங்க வேண்டும். முயல் வளர்க்கும் வீட்டில் ஃபிப்ரோனில் வேண்டாம். முயலுக்கு அது விஷம். இங்கே ஒரு குழி இருக்கிறது, கவனியுங்கள். நாய்க்கான சில தயாரிப்புகளில் ஃபிப்ரோனிலோடு அல்லது இமிடாக்ளோபிரிட்டோடு பெர்மெத்ரினையும் சேர்த்திருப்பார்கள். போன மாதம் வாங்கியதும் இந்த மாதம் வாங்கியதும் ஒரே நிறுவனம், ஏறத்தாழ ஒரே பெயர், ஒரே நிற அட்டை. உள்ளே வேறு மருந்து. ஆகவே பெயரைப் பார்க்காமல், அட்டையின் பின்புறத்தில் பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியலைக் கடைசிவரை படிக்க வேண்டும். “த்ரின்” என்று முடியும் எந்தச் சொல்லும் நின்று யோசிக்க வைக்க வேண்டும்: பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின்.

கடைசி இரண்டும் மாட்டு உண்ணிக்கு நீரில் கலந்து தெளிக்கும் மருந்துகளாக நம் கிராமங்களில் தாராளமாகக் கிடைப்பவை. மாட்டுக்குக் கலக்கியதில் மிச்சத்தை நாய்க்கும், நாய்க்கு ஊற்றியதில் மிச்சத்தைப் பூனைக்கும் என்று இறங்கி வரும் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சிரங்குக் களிம்பில் மீந்ததைப் பூனையின் புண்ணில் தடவுவதும் இதே ஆபத்துதான். 30 கிராம் குழாயில் ஒன்றரை கிராம் பெர்மெத்ரின் இருக்கிறது. இந்த விதிக்கு ஒரு விலக்கும் உண்டு. ஃப்ளுமெத்ரின் என்பதும் இதே குடும்பம்தான், ஆனால் அதைத் துளித்துளியாகக் கசியவிடும் கழுத்துப்பட்டை ஒன்று பூனைக்கும் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. விரட்டும் குணம் கட்டாயம் வேண்டிய நாய்க்குக்கூட அது மாற்றாக அமையலாம். எனவே “த்ரின்” என்றால் உடனே தூக்கி எறிய வேண்டும் என்பதல்ல; பூனைப் படம் போட்டு, பூனைக்கு என்று எழுதி, மருத்துவர் சரி என்று சொன்னாலன்றி வீட்டுக்குள் விடக் கூடாது.

இயற்கைப் பொருள் என்ற சொல்லை நம்பியும் பூனைகள் சாகின்றன. தேயிலை மர எண்ணெய் போன்ற வாசனை எண்ணெய்களை முறிக்கவும் அந்தப் பழுதான ஈரல்தான் வேண்டும். கற்பூரமும் பாச்சை உருண்டையும் பூனைக்கு விஷம். பூனையின் உடம்பில் தடவுகிற எதுவும் ஒரு மணி நேரத்தில் அதன் வயிற்றில் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு முடிவெடுத்தால் பெரும்பாலும் தவறு வராது.

மருந்தின் தேவையையே குறைக்க முடியும். நாயின் முதுகில் ஓடும் தெள்ளு மொத்தத்தில் சிறு பங்குதான். முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவுமாகப் பெரும்பங்கு தரையிலும் படுக்கையிலும் சோபா இடுக்கிலும் இருக்கிறது. நாயில் காணும் தெள்ளுகூட உலகின் பல பகுதிகளில் பூனைத் தெள்ளு என்று பெயர்பெற்ற இனம்தான். எனவே நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் அது பூனையிலிருந்து திரும்பி வரும். இரண்டுக்கும் ஒரே நாளில் அவரவர் மருந்து, வாரம் ஒருமுறை படுக்கைத் துணிகளை 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் துவைப்பது, இடுக்குகளைத் தூசி உறிஞ்சும் கருவியால் எடுப்பது, தெள்ளுச் சீப்பால் வாரிச் சோப்பு நீரில் முக்குவது. மூன்று மாதமாவது விடாமல் செய்ய வேண்டும். கூட்டுப்புழு எந்த மருந்துக்கும் அசையாமல் வாரக்கணக்கில் காத்திருக்கும். இரண்டாவது வாரம் புதிய தெள்ளு தென்பட்டதும் மருந்து பலிக்கவில்லை என்று நினைத்து, கடையில் இன்னும் கடுமையான ஒன்றைக் கேட்கிறார்கள். நாய்க்கான பெர்மெத்ரின் வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் அந்த வாரத்தில்தான்.

நம் பூனை நான்காம் நாள் வீடு திரும்பியது. நாயின் படுக்கை துவைத்து மாடியில் காய்ந்தது. நாய் பின்கட்டிலும் பூனை முன்னறையிலுமாக இன்னும் சில நாள் கழிந்தது. கதவின் அடியில் இரண்டும் பாதத்தை நீட்டிக்கொண்டு கிடந்தன. அடுத்த மாதம் நாய்க்கு மாத்திரையும் பூனைக்கு அதன் எடைக்கான செலாமெக்டினும் வந்தன. பழைய மருந்தில் மீதியிருந்த இரண்டு குழாய்களை வீட்டுக்காரர் அலமாரியில் வைக்காமல் மருத்துவரிடமே கொடுத்துவிட்டார்.